மரியாதையின் பெயரால் ஒரு வழு

மொழியில் நிகழும் வழுக்கள் அனைத்தும் அறியாமையின் விளைவென்று கொள்ளுதல் பொருந்தாது. சில வழுக்கள் பணிவிலிருந்து பிறக்கின்றன. பதுளை, பசறை, அப்புத்தளை முதலிய பகுதிகளின் தோட்டங்களிலிருந்தும் அலுவலகங்களிலிருந்தும் ஆங்கிலத்தில் எழுதப்படும் மின்னஞ்சல்களில் இடம்பெறும் 'பிளீஸ் கொன்டாக்ட் மைசெல்ஃப்' என்னும் தொடர் இவ்வகையினது. 'என்னைத் தொடர்புகொள்க' என்பதே எழுதியவரின் கருத்து. அதற்கு 'மீ' என்னும் சிறு சொல்லே போதுமானது. அச்சொல் தவிர்க்கப்பட்டு, நீண்ட 'மைசெல்ஃப்' அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது ஏன் என்பதே ஆராயத்தக்கது.

ஆங்கிலத்தில் இச்சொல்லுக்குரிய இடங்கள் மிகச் சில. செய்பவரும் செயலுக்கு உட்படுபவரும் ஒருவரேயாயின் அது வரும். 'நான் கத்தியால் என்னை வெட்டிக்கொண்டேன்' என்பது போன்ற வாக்கியம் இதற்கு எடுத்துக்காட்டு. 'நானே எழுதினேன்' என அழுத்தம் கொடுக்குமிடத்தும் வரும். 'பை' என்னும் சொல்லோடு சேர்ந்து, 'தனியாக' என்ற பொருளையும் தரும். 'தொடர்புகொள்க' என்னும் ஏவலிலோ, தொடர்புகொள்பவர் கடிதத்தைப் பெற்றவர். தொடர்புகொள்ளப்படுபவர் அதனை எழுதியவர். இருவரும் வேறானவர்கள். ஆகவே அங்கே தற்சுட்டுப் பெயருக்கு இடமில்லை. 'யுவர்செல்ஃப்' என்பதற்கும் இவ்விதியே. 'உங்களை நீங்களே காத்துக்கொள்ளுங்கள்' என்னும் பொருளில் அது பொருந்தும். 'அறிக்கையை உங்களுக்கு அனுப்புகிறேன்' என்னும் பொருளில் பொருந்தாது.

இவ்விதி தமிழருக்கு அந்நியமானதன்று. 'முருகன் அவனைப் பாராட்டினான்' என்றால் பாராட்டப்பட்டவன் வேறொருவன்; 'முருகன் தன்னைப் பாராட்டினான்' என்றால் அவனே. இந்த வேறுபாட்டை எழுத்தறியாத ஒருவரும் பிழையின்றிப் பேணுவர். ஆயின் தமிழில் இவ்வேறுபாடு படர்க்கையோடு நின்றுவிடுகிறது. தன்மையில் 'நீ என்னைப் பார்த்தாய்' என்பதற்கும் 'நான் என்னைக் கண்ணாடியில் பார்த்தேன்' என்பதற்கும் 'என்னை' என்னும் ஒரே சொல்லே பயன்படுகிறது. முன்னிலையில் 'உன்னை', 'உங்களை' என்பவற்றின் நிலையும் அதுவே. எனவே, ஆங்கிலம் பயிலும் தமிழ் மாணவர் 'என்னை' என்பதற்கு ஈடாக இரண்டு சொற்களைக் காண்கிறார். அவற்றுள் எதனை எங்கே இடுவது என்பதற்குத் தாய்மொழி வழிகாட்டுவதில்லை. வழிகாட்டி இல்லாதவிடத்து, நீளமான சொல்லே மரியாதையானது என்னும் எண்ணம் முடிவைத் தீர்மானிக்கிறது.

அவ்வெண்ணத்துக்குத் தமிழ்க் கடித மரபும் துணைபோகிறது. 'தாங்கள்', 'தங்களுக்கு' எனப் பெரியோருக்கு எழுதும்போது பயன்படும் சொற்கள், 'தான்', 'தாம்' என்னும் தற்சுட்டுப் பெயர்களின் வழிவந்தவையே. 'தொழிலாளர் தங்கள் சம்பளத்தைப் பெற்றனர்' என்பதில் படர்க்கைத் தற்சுட்டாக நிற்கும் அதே சொல், 'தங்கள் கடிதம் கிடைத்தது' என்பதில் மரியாதை முன்னிலையாகிறது. சிங்களத்தில் 'தமுன்னான்சே' என்னும் உயர்வுச் சொல்லும் 'தமா' என்னும் தற்சுட்டின் அடியாக அமைந்ததே. ஆகவே தற்சுட்டைக் கொண்டு மரியாதை செய்தல் ஊவாவின் இரு மொழிகளுக்கும் பழக்கமான வழி. அந்த வழியை ஆங்கிலத்துக்கும் கொண்டுசெல்லும்போதுதான் 'தங்களுக்கு' என்பது 'யுவர்செல்ஃப்' ஆகிவிடுகிறது.

இதனோடு தோட்ட வாழ்வின் வரலாறும் சேர்கிறது. துரையின் முன் வெறும் 'நீங்கள்' என்னும் சொல் துணிவுக்குரியதாக இருந்த சூழலில், 'துரை', 'ஐயா' என்னும் பெயர்களே முன்னிலைப் பெயரின் இடத்தை நிரப்பின. தன்னைக் குறிக்கும் சொல்லும் தாழ்ந்தே ஒலித்தது. 1992ஆம் ஆண்டில் அரச தோட்டங்களின் முகாமை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்ட பின், கொழும்புத் தலைமையகங்களோடு நிகழும் எழுத்துத் தொடர்பில் ஆங்கிலம் முதன்மை பெற்றது. லயத்தில் பிறந்து, படித்து, அலுவலக மேசையில் அமர்ந்த இளைஞர் அந்த ஆங்கிலத்திலும் பழைய பணிவைத் தேடுகிறார். 'மீ' என்பது அவருக்கு மொட்டையாக ஒலிக்கிறது.

ஒரு மாதிரி மின்னஞ்சலைக் கொண்டு இதனை விளக்கலாம். தோட்ட அலுவலகத்து இளைஞர் மூன்று செய்திகளை எழுதுவதாகக் கொள்வோம்: கொழுந்து நிறுவைப் பதிவேடு 'பை மைசெல்ஃப் அன்ட் த ஃபீல்ட் ஒபிசர்' சரிபார்க்கப்பட்டது, அதன் பிரதி 'டு யுவர்செல்ஃப்' அனுப்பப்படுகிறது, ஐயமிருப்பின் 'கொன்டாக்ட் மைசெல்ஃப்'. இவற்றுள் இறுதி இரண்டும் வெளிப்படையான வழுக்கள். 'யூ', 'மீ' என மாற்றினால் அவை திருந்திவிடும். முதலாவதை எடைபோட, உடன் வந்தவரை நீக்கிப் பார்த்தல் வேண்டும். நீக்கியபின் 'பை மைசெல்ஃப்' என்பது மட்டுமே எஞ்சும். அது 'தனியாக' என்ற பொருளையும் தரவல்லது. நிறுவையில் குறை கண்டு, சரிபார்த்தவர் யாவர் என்ற வினா எழுமாயின், இத்தகைய மங்கலான தொடர் எழுதியவருக்கே பாதகமாகலாம். 'ஃபீல்ட் ஒபிசரும் நானும் சரிபார்த்தோம்' என எழுவாயை முன்வைத்து எழுதுவதே தெளிவு.

ஆயினும் மூன்றையும் ஒரே தராசில் நிறுத்தல் நேர்மையாகாது. வேறொருவரின் பெயரோடு இணைந்து 'மைசெல்ஃப்' வருதல் ஆங்கிலத்தின் தேர்ந்த எழுத்தாளரிடமும் நெடுங்காலமாகக் காணப்படுவது. தனித்து நின்று ஏவலின் செயப்படுபொருளாக வருவதே ஏற்கப்படாதது. இப்பிழையைத் தாய்மொழியின் தலையில் மட்டும் சுமத்தலும் தவறு. ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட பிரித்தானிய அலுவலர்களும் வாடிக்கையாளரை 'யுவர்செல்ஃப்' எனக் குறிப்பதுண்டு. சிறுவயதில் 'மீ' என்பதைத் தவறான இடத்தில் பயன்படுத்தித் திருத்தப்பட்டவர்கள், பின்னர் அதற்குரிய இடத்திலும் அதனைக் கண்டு அஞ்சுவர். அச்சத்தால் எழும் அளவுமீறிய திருத்தம் எம்மொழியினரையும் பற்றக்கூடியது.

ஆயினும் தண்டனை எல்லோர்க்கும் ஒன்றன்று. தென்னிலங்கை மாணவர் ஆங்கிலத்தைக் 'கடுவ', அதாவது வாள், எனக் குறித்தமை யாவரும் அறிந்ததே. லண்டன் அலுவலரின் 'யுவர்செல்ஃப்' உபசாரமாகக் கருதப்படுகிறது. பசறை இளைஞரின் 'மைசெல்ஃப்' அவருடைய பள்ளியையும் பிறப்பிடத்தையும் காட்டிக்கொடுக்கும் அடையாளமாகிறது. விண்ணப்பத்தின் ஒரு சொல்லால் அவ்விளைஞர் அளக்கப்படும்போது, அவர் காட்ட முனைந்த மரியாதையே அவருக்கு எதிரான சான்றாகிவிடுகிறது.

ஆகவே திருத்தம் இகழ்ச்சியிலன்று, விளக்கத்தில் தொடங்குதல் வேண்டும். ஆங்கிலத்தில் மரியாதை பிரதிப்பெயரில் உறைவதில்லை. அது வேண்டுகோளின் அமைப்பிலும் வினையிலும் உறைகிறது. 'தயவுசெய்து', 'இயலுமாயின்' என்பவற்றுக்குரிய ஆங்கிலச் சொற்களை உரிய இடத்தில் அமைத்தபின் 'மீ' என்பதில் எவ்விதக் குறைவும் இல்லை. விதியைக் கற்பிக்க முனையும் ஆசிரியர் 'மைசெல்ஃப்' என்பதை 'என்னை' என்று பெயர்த்துக் காட்டுவதால் பயனில்லை. 'அவனை', 'தன்னை' என்னும் இணையிலிருந்து அவர் தொடங்குவாராயின், மாணவர் ஏற்கெனவே தம்மிடமுள்ள அறிவைக் கொண்டே ஆங்கிலத்தின் விதியைக் கண்டுகொள்வர். 'என்னை' என்ற சிறு சொல்லைத் தலைநிமிர்ந்து சொல்வது ஆணவமன்று என்பதும் அவ்வகுப்பிலேயே உணர்த்தப்படத்தக்கது.