விகிதமும் வருவாயும்: பிரான்மலை வணிகக்குழுக் கல்வெட்டின் சான்றெல்லை

உப்பு, பருத்தி, மிளகு முதல் குதிரை, யானை வரை சரக்குதோறும் இவ்வளவெனப் பட்டணப்பகுடி விதித்து, அதைக் கோயிலுக்கு வணிகக்குழு அளித்ததைப் பிரான்மலையின் 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு கூறுகிறது. இந்நீண்ட பட்டியலைக் கொண்டே அங்கு நடந்த வணிகத்தின் அளவையும் கோயிலின் வருவாயையும் மதிப்பிடுவது ஏற்புடையதன்று. கல்லில் இருப்பது விகிதம்; எத்தனை பொதிகள் வந்தன, எவ்வளவு தண்டப்பட்டது என்பன அதில் இல்லை. யானை பட்டியலில் இருப்பதால் மட்டும் அங்கு யானை விற்கப்பட்டதாகாது; வரக்கூடிய எச்சரக்கும் விடுபடாதிருக்க அது சேர்க்கப்பட்டிருக்கலாம். ஐந்நூற்றுவரைப் புகழும் மெய்க்கீர்த்தியோ அவர்கள் தம்மைப் பற்றித் தாமே சொல்லிக்கொண்டது. கல்வெட்டு உறுதியாக நிறுவுவது, வணிகர் கூடித் தம் சரக்கின்மீது தாமே வரி விதித்துக்கொண்டதையே. கோவில்பட்டி சார்ந்த கரிசல் வட்டாரத்து மகமை இதனை நினைவூட்டும்; எனினும் இடைப்பட்ட நூற்றாண்டுகளுக்குச் சான்று காட்டாமல் மகமையை இதன் தொடர்ச்சி என்பது பொருந்தாது.