முடிந்த வீட்டின் படக்குறிப்பு: சொல்வதும் விடுவதும்

கட்டி முடித்த வீட்டைப் பெயிண்ட் வாசனை போவதற்குள் படமெடுத்து, அதன் கீழே நான்கு வரி எழுதி, இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போடுவது தமிழ்நாட்டின் சிறுநகர ஒப்பந்தக்காரர்களுக்கு இன்று வழக்கமாகிவிட்டது. அந்த நான்கு வரிகள் ஊருக்கு ஊர் பெரிதாக மாறுவதில்லை. “1,500 சதுர அடி. தரைத்தளம், முதல் தளம். 3 படுக்கையறை. ஆறே மாதத்தில் முடித்துக் கொடுத்தோம். வீட்டை நேரில் பார்க்க முன்பதிவு செய்யுங்கள்” என்பது அதன் பொது வடிவம். வேலையின் அளவு, எடுத்த காலம், நேரில் பார்க்க அழைப்பு என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. வீடு கட்ட நினைக்கும் ஒருவர் முதலில் கேட்கும் கேள்விகளும் இவைதாம். ஆனால் இந்தப் பதில்கள் ஒவ்வொன்றும் ஒரு நிபந்தனையோடு சேர்ந்தால்தான் பொருள் தரும். வழக்கமான குறிப்பில் அந்த நிபந்தனைகள் இருப்பதில்லை.

முதலில் இந்த வழக்கத்தின் நன்மையைச் சொல்ல வேண்டும். சிறிய ஒப்பந்தக்காரரின் வேலை முன்பு வாய்மொழியாகவே பரவியது. “நம்ம மாமா வீட்டைக் கட்டினவர்” என்ற ஒரு சொல்லை நம்பி வாழ்நாள் சேமிப்பை ஒப்படைத்தவர்கள் ஏராளம். எத்தனை மாதம் ஆனது என்று கேட்டால் கட்டியவர் ஒன்று சொல்வார், குடியிருப்பவர் வேறொன்று சொல்வார். படக்குறிப்பு அந்தப் பேச்சை எழுத்தாக்கியது. பரப்பும் காலமும் தேதியோடு பொதுவில் பதிவாகின்றன. துபாயிலோ ஓசூரிலோ வேலை பார்த்துக்கொண்டு சொந்த ஊரில் வீடு கட்ட நினைப்பவர், நான்கு ஒப்பந்தக்காரர்களின் வேலையை ஒரே இரவில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது. கொத்தனாராகத் தொடங்கி மேஸ்திரியாக வளர்ந்தவரும் பட்டம் பெற்ற பொறியாளருக்குச் சமமாகத் தன் வேலையைக் காட்ட முடிகிறது. இந்த லாபம் உண்மையானது. அதனால்தான் குறைகளைத் திருத்த வேண்டியிருக்கிறது.

முதல் குறை பரப்பில் இருக்கிறது. “1,500 சதுர அடி” என்பதில் எதையெல்லாம் சேர்த்தார்கள்? ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். இந்த 1,500-இல் போர்டிகோ 120, பால்கனி 60, மாடிப்படிக்கு மேலே வரும் ஹெட்ரூம் 100 சதுர அடி என்று வைத்துக்கொண்டால், குடும்பம் புழங்கும் பரப்பு 1,220 சதுர அடிதான். ஒப்பந்தக்காரர் சதுர அடிக்கு 2,300 ரூபாய் என்று 1,500-க்கும் கணக்கிட்டால் வீட்டின் விலை 34,50,000 ரூபாய். இன்னொருவர் அதே வீட்டுக்கு 2,450 ரூபாய் கேட்கிறார்; ஆனால் போர்டிகோ, பால்கனி, ஹெட்ரூம் மூன்றையும் பாதியாகவே எடுத்துக்கொள்கிறார். அவர் கணக்கில் பரப்பு 1,360, விலை 33,32,000 ரூபாய். சதுர அடி விலையை மட்டும் பார்த்தவர் 2,300 கேட்டவரிடம் போவார். அவர் கையை விட்டுப் போவது 1,18,000 ரூபாய். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. அளக்கும் முறையைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சேராதவற்றின் பட்டியல் இதைவிடப் பெரிய சிக்கல். சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்டு சுவர், போர்வெல், மின் இணைப்புச் செலவு, தாழ்வான மனைக்கு மண் நிரப்புவது ஆகியவை சில ஒப்பந்தங்களில் சேரும், சிலவற்றில் தனிக்கணக்கு. படத்தில் காம்பவுண்டு சுவரும் கேட்டும் அழகாகத் தெரியும். பார்ப்பவர் அவையும் அந்த விலைக்குள் வந்தவை என்றே எடுத்துக்கொள்வார். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வீடு கட்டித்தருவதைச் சேவையாகக் கொள்கிறது. முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் சேர்க்கிறது. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் மனையையும் வீட்டையும் விற்பவர்களைக் குறிவைத்தது. சொந்த மனையில் ஒருவருக்காகக் கட்டித்தரும் ஒப்பந்தக்காரர் பொதுவாக அதன் பதிவுக்குள் வருவதில்லை. ஆகவே இந்தக் குறிப்பை வெளியிடும் முன் சரிபார்க்க யாரும் இல்லை. எழுதுபவரின் நேர்மையும் படிப்பவரின் கவனமும்தான் காவல்.

இரண்டாவது, காலம். “ஆறே மாதம்” என்பதில் எந்த நாளிலிருந்து எண்ணத் தொடங்கினார்கள்? ஒப்பந்தம் போட்ட நாளா, பூமி பூஜை நாளா, கடைக்கால் தோண்டிய நாளா? முடிவு எது? புதுமனை புகுவிழாவா, கடைசிப் பெயிண்ட் அடித்த நாளா? ஆடி, மார்கழி போன்ற மாதங்களில் புதுமனை புகுவிழா வைப்பதில்லை என்பதால், அதற்கு முந்தைய முகூர்த்தத்துக்குள் முடிக்க அவசரம் நடக்கும். கைப்பிடிக் கம்பியும் வெளிப்பூச்சின் கடைசிக் கோட்டிங்கும் பாக்கியிருக்கும்போதே பால் காய்ச்சிவிடுவார்கள். குறிப்பில் அந்த நாளே முடிவு நாளாகிவிடும்.

அந்த இரண்டு தள வீட்டை வாரக்கணக்கில் போட்டுப் பார்க்கலாம். கடைக்கால் முதல் பேஸ்மட்டம் வரை 5 வாரம். தரைத்தளச் சுவர், லிண்டல், சென்ட்ரிங், கம்பி, கான்கிரீட் என்று 5 வாரம். முதல் தளத்துக்கும் அதே 5. இதுவரை 15. மேல்தளம் போட்டபின் முட்டுகளை உடனே பிரிக்க முடியாது. சாதாரண சிமெண்ட்டுக்கு ஐ.எஸ். 456 தரக்குறிப்பு சொல்லும் குறைந்த அளவே, 4.5 மீட்டர் வரையிலான தளத்துக்கு 7 நாள், 6 மீட்டர் வரையிலான பீமுக்கு 14 நாள். கலப்பு சிமெண்ட் என்றால் இன்னும் பொறுக்க வேண்டிவரலாம். அதற்கு 2 வாரம். பிறகு உள்ளும் புறமும் பூச்சு வேலைக்கு 4 வாரம், டைல்ஸுக்கு 3 வாரம். 24 வாரம் ஆகிவிட்டது. பூச்சு நன்றாக உலர ஏறத்தாழ 4 வாரம் விட்டுத்தான் பட்டியும் பெயிண்ட்டும் அடிக்க வேண்டும். டைல்ஸ் வேலை நடக்கும் 3 வாரத்தை அதில் கழித்துக்கொண்டாலும் இன்னும் 1 வாரம் பொறுக்க வேண்டும். பெயிண்ட் வேலைக்கு 3 வாரம். ஆக 28 வாரம். இது மழை, ஆள் தட்டுப்பாடு, எம்-சாண்ட் வராத நாள் எதுவும் இல்லாத கணக்கு.

ஆறு மாதம் என்றால் 26 வாரம். அதற்காக ஆறு மாதம் முடியாத காரியம் என்று சொல்ல முடியாது. ஆட்களைக் கூட்டி, வேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அமைத்தால் முடியும். ஆனால் மிச்சம் பிடிக்கும் வாரங்களை ஆட்களின் உழைப்பிலிருந்து எடுக்கலாமே தவிர, கான்கிரீட்டும் பூச்சும் கேட்கும் காத்திருப்பிலிருந்து எடுக்கக் கூடாது. அப்படி எடுத்தால் அடையாளம் பின்னால் தெரியும். முட்டுகளை முன்கூட்டிப் பிரித்த தளத்தின் அடியில் நடுப்பகுதியில் மெல்லிய விரிசல் வரும். பச்சைப் பூச்சின்மேல் பட்டி பார்த்த சுவரில் முதல் மழைக்குப் பிறகு உப்புப் பூக்கும், பெயிண்ட் கொப்புளம் விட்டு உரியும். படமெடுக்கும் நாளில் இவை எதுவும் இருக்காது. இன்றைய குறிப்பு வேகத்தை மட்டுமே பெருமையாகக் காட்டுகிறது. தளத்துக்கு எத்தனை நாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினார்கள் என்பதை எழுதுவதே இல்லை. நம் ஊர் வெயிலில் கலப்பு சிமெண்ட் கான்கிரீட்டை 14 நாள் வரை நனைத்து வைப்பது நல்லது என்பதே அந்தத் தரக்குறிப்பின் பரிந்துரை. “இரண்டு தளத்துக்கும் 14 நாள் தண்ணீர் நின்றது” என்பதுதான் ஒப்பந்தக்காரர் பெருமைப்பட வேண்டிய வரி.

மூன்றாவது, நேரில் பார்க்கும் அழைப்பு. குறிப்பின் மிக நேர்மையான பகுதி இது, வீணாகிப் போகும் பகுதியும் இதுவே. அழைப்பது முடிந்த வீட்டுக்கு. முடிந்த வீட்டில் டைல்ஸையும் ஃபால்ஸ் சீலிங்கையும் பார்க்கலாம். வீட்டைத் தாங்குபவை பூச்சுக்குள் மறைந்துவிட்டன. வேலையின் தரத்தைக் காட்டும் நாள், கான்கிரீட் போடுவதற்கு முந்தைய நாள். அன்று பலகைக்கும் கம்பிக்கும் இடையே கவர் பிளாக் வைத்திருக்கிறார்களா, கம்பி இடைவெளி வரைபடத்தில் உள்ளபடி இருக்கிறதா, மேல் கம்பி ஆட்களின் மிதிபட்டுத் தாழ்ந்து கிடக்கிறதா என்று தொழில் தெரியாதவரும் கேட்டுப் பார்க்கலாம். பலகை பிரித்த மறுநாள் தூணின் அடியில் ஜல்லி பல்லிளித்துக்கொண்டு நின்றால், கான்கிரீட் சரியாகக் குத்தப்படவில்லை என்பது தெரிந்துவிடும். இன்னொரு நல்ல இடம், ஒரு வடகிழக்குப் பருவமழையைத் தாண்டிய வீடு. அங்கே குளியலறைக்குக் கீழுள்ள சீலிங்கையும், கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலையையும் பார்த்தால் போதும்.

முடிந்த வீட்டுக்கு அழைப்பதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. அது இப்போது ஒரு குடும்பத்தின் வீடு. வீட்டின் முகப்பு, தெருவின் பெயர், சில சமயம் கூகுள் மேப் குறியோடு ஊருக்கெல்லாம் போகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் முன்பின் தெரியாதவர்கள் படுக்கையறையைப் பார்க்க வருவதற்கு அந்த வீட்டுப் பெண்கள் சம்மதித்தார்களா என்பதை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. வீட்டுக்காரரின் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் முகவரியைப் போடக் கூடாது என்பதை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் தாங்களே விதியாக்கிக்கொள்ள வேண்டும்.

இத்தனையையும் எழுத இடம் எங்கே என்று கேட்கலாம். இன்ஸ்டாகிராம் குறிப்புக்கு 2,200 எழுத்துகள் வரை இடம் உண்டு. கவரும் வரியை மேலே வைத்துக்கொண்டு கீழே இப்படி எழுதலாம்: “புழங்கும் பரப்பு 1,220 சதுர அடி, போர்டிகோ, பால்கனி, ஹெட்ரூம் முழுதாகச் சேர்த்து 1,500. ஒப்பந்தத்தில் சேர்ந்தவை: சம்ப், செப்டிக் டேங்க். சேராதவை: காம்பவுண்டு சுவர், போர்வெல், மண் நிரப்பல். தை மாதம் கடைக்கால் தோண்டி, ஆவணியில் எல்லா வேலையும் முடித்துச் சாவி கொடுத்தோம்; எம்-சாண்ட் கிடைக்காமல் 2 வாரம் நின்றது. இரண்டு தளத்துக்கும் 14 நாள் தண்ணீர் நிறுத்தினோம். இந்த வீட்டில் குடும்பம் குடியேறிவிட்டது. வேறொரு மனையில் தளத்துக்குக் கம்பி கட்டி முடிந்திருக்கும் சனிக்கிழமை காலை வந்து பார்க்கலாம். வெள்ளி மாலைக்குள் சொல்லுங்கள்.”

இப்படி எழுதுபவருக்கு ஓர் இழப்பு உண்டு. ஹெட்ரூமையும் போர்டிகோவையும் முழுதாகச் சேர்த்த பரப்பை மட்டும் எழுதும் பக்கத்து ஒப்பந்தக்காரரைவிட அவருடைய சதுர அடி விலை அதிகமாகத் தெரியும். ஆறு மாதத்துக்கு எதிரே எட்டு மாதம் மந்தமாகத் தெரியும். அந்த இழப்பை அவர் ஒருவரே தாங்கும்படி விடுவது நியாயமில்லை. வீடு கட்ட நினைப்பவர் கேட்க வேண்டியதைக் கேட்டால்தான் அது குறையும். எல்லோரிடமும் சதுர அடி விலையைக் கேட்பதை விட்டு, ஒரே வரைபடத்துக்கு மொத்தத் தொகையையும் சேராதவற்றின் பட்டியலையும் கேட்க வேண்டும். பிடித்த குறிப்பை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, “இதில் உள்ள பரப்புக் கணக்கும் காலக் கணக்கும் என் வீட்டுக்கும் பொருந்தும்” என்று ஒப்பந்தப் பத்திரத்தோடு இணைக்கச் சொல்ல வேண்டும். தயங்காமல் கையெழுத்திடுபவரின் குறிப்பை நம்பலாம். கையெழுத்திட மறுப்பவரிடம் எந்த வரியை நீக்கச் சொல்கிறார் என்று கேளுங்கள். உங்கள் பணம் எங்கே கசியப் போகிறது என்பதை அந்த வரி முன்கூட்டியே காட்டிவிடும்.