முடி அடைத்த வடிகாலுக்கு ஒரு முள் பட்டை

வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் முடிந்தால் எங்கள் வீட்டுக் குளியலறைத் தரையில் விரல் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் நிற்கத் தொடங்கியிருந்தது. அத்தைக்கு 72 வயது. எண்ணெயும் சீயக்காயும் கலந்த அந்தத் தண்ணீரில் அவர் காலை வைப்பதைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. "கொஞ்சம் ஆசிட் ஊத்திப் பாரேம்மா" என்றார். "வேணாம் அத்தை, முதல்ல உள்ளே என்னதான் இருக்குன்னு பார்த்துடறேன்" என்று சொல்லிவிட்டு, ஹார்ட்வேர் கடைக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் முள் பட்டை, நகம் வைத்த ஸ்பிரிங் கம்பி, ரப்பர் பம்ப் மூன்றையும் வாங்கி வந்தேன். மூன்றையும் ஒரே வடிகாலில் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அளவுகோல் இல்லாமல் எது வேலை செய்தது என்று சொல்ல முடியாது. எனவே 15 லிட்டர் வாளியை நிரப்பி வடிகால் அருகே ஒரே மூச்சில் ஊற்றி, தரையில் தண்ணீர் தெரியாமல் போகும்வரை கைப்பேசியில் நேரம் பார்த்தேன். முதல் முறை 6 நிமிடம் 20 விநாடி. அடைப்பு இந்த வடிகாலில்தானா என்பதையும் முன்பே உறுதி செய்துகொண்டேன். கழிப்பறையில் தண்ணீர் விட்டால் ஒழுங்காக இறங்கியது, தரை வடிகாலிலிருந்து குமிழி எதுவும் கிளம்பவில்லை. அப்படிக் கிளம்பினாலோ, மாடி வீட்டுத் தண்ணீர் நம் தரையில் ஏறினாலோ அடைப்பு பொதுக் குழாயில் இருக்கிறது என்று பொருள். அதற்கு இந்தக் கருவிகள் எதுவும் உதவாது, பிளம்பரைத்தான் கூப்பிட வேண்டும்.

கருவிகளைத் தொடுவதற்கு முன், முதலில் சமையல் சோடாவும் வினிகரும். அரை கப் சோடாவைப் போட்டு, அதே அளவு வினிகரை ஊற்றினால் நுரை பொங்கும். அந்த நுரை கரியமில வாயு. பொங்கி முடிந்தபின் மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர். தலைமுடி கெரட்டின் என்ற புரதம், இந்தக் கலவை அதைக் கரைக்காது. அரை மணி நேரம் விட்டுப் பார்த்தேன்: 6 நிமிடம் 5 விநாடி. நாற்றம் சற்றுக் குறைந்தது, அவ்வளவுதான்.

அடுத்தது ரப்பர் பம்ப். சல்லடை மூடியைக் கழற்றிவிட்டு, பம்பின் கிண்ணம் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் நிறுத்தினேன். முதல் சில அழுத்தங்களில் எதுவும் நடக்கவில்லை. பிறகுதான் கவனித்தேன், வாஷ்பேசின் குழாயும் இதே டிராப்பில் வந்து சேர்கிறது. நான் இங்கே அழுத்த அழுத்த, காற்று பேசின் ஓட்டை வழியாக வெளியேறிக்கொண்டிருந்தது. நனைத்த துணியைப் பேசின் ஓட்டையிலும் மேல்விளிம்புத் துளையிலும் திணித்துவிட்டு மறுபடி செய்தேன். மெதுவாக ஒரு அழுத்து, பிறகு வேகமாக ஒரு இழுப்பு. நேரம் 3 நிமிடம் 40 விநாடிக்கு வந்தது. ஆனால் இரண்டு நாளில் மறுபடி 6 நிமிடத்தைத் தொட்டது. பம்ப் முடியை வெளியே எடுக்கவில்லை, அதன் நடுவே ஒரு வழியை மட்டும் திறந்திருந்தது. அதில் புது முடி வந்து சிக்கியதும் அந்த வழி அடைபட்டுவிட்டது.

இனி முள் பட்டை. 60 ரூபாய்க்கு வாங்கியது, முழங்கையிலிருந்து விரல் நுனிவரை நீளம், ஒரு விரல் அகலம். இருபுறமும் சாய்ந்த முட்கள். உள்ளே போகும்போது அவை படுத்துக்கொள்ளும், இழுக்கும்போது நிமிர்ந்து முடியைக் கொக்கி போலப் பிடிக்கும். தடித்த கையுறை போடாமல் இதைத் தொடாதீர்கள், அந்த முட்கள் தோலையும் கிழிக்கும்.

பட்டையைவிட முக்கியமானது அதை எங்கே விடுவது என்பது. பிளம்பர்கள் நானி டிராப் என்று சொல்லும் தரை டிராப்பில், மூடிக்குக் கீழே ஒரு கிண்ணம், அதில் எப்போதும் தண்ணீர். சாக்கடை வாயு மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். கிண்ணத்திலிருந்து வெளியே போகும் வளைவின் உதட்டில்தான் முடி மாட்டிக்கொள்கிறது. உப்புத் தண்ணீர் ஊரில் சோப்பு, கால்சியத்தோடு சேர்ந்து மெழுகுபோல ஒரு கசடாகி அந்த முடியை ஒட்டவைக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் சாம்பல் நிறக் கட்டி தெரியும். சில பழைய டிராப்புகளில் உள்ளே மணி வடிவ மூடி ஒன்று இருக்கும். அதைத் தூக்கிக் கழுவினாலே பெரும்பாலான வேலை முடிந்துவிடும்.

பட்டையைக் கிண்ணத்தின் ஓரமாக இறக்கி, வளைவுப் பக்கம் சாய்த்து, மெல்லத் திருகியபடி உள்ளே விட்டேன். ஏதோ மெத்தென்று தட்டுப்பட்ட இடத்தில் மேலும் குத்தாமல் மூன்று நான்கு முறை திருப்பிவிட்டு இழுத்தேன். கன்றுக்குட்டியின் வால் போல ஒரு கருங்கட்டி வந்தது. அதோடு ஒரு ரப்பர் பேண்டும் இரண்டு ஹேர்பின்னும். ஐந்து இழுப்பு எடுத்தேன், கடைசி இரண்டும் வெறுமையாக வந்தன. முன்பொரு முறை வந்த பிளம்பர் அண்ணன் சொன்னது சரியான வார்த்தை: "தள்ளாதீங்கம்மா, இழுங்க." குச்சியால் தள்ளினால் அந்தக் கட்டி படுக்கைக் குழாய்க்குள் போய்விடும், பிறகு கைக்கு எட்டாது. வேகமாகப் பிடுங்கினாலும் ஆபத்துதான். பட்டை உடைந்து உள்ளே தங்கினால், அடுத்த முடியெல்லாம் அதில்தான் சிக்கும்.

நேரம் 50 விநாடி.

ஸ்பிரிங் கம்பி ஒன்றரை மீட்டர். கைப்பிடியை அழுத்தினால் நுனியில் நகங்கள் விரியும், விட்டால் மூடும். பட்டை எட்டாத தூரத்தில் மிச்சமிருந்த சிறு கற்றைகளை அதுதான் எடுத்தது. ஆனால் வளைவில் நகம் முழுதாக விரிவதில்லை, ஒரு தடவைக்குப் பத்து முடி வந்தால் அதிகம். வேலைக்குத் தொடக்கமாக இதை வாங்க வேண்டாம்.

முடி வெளியே வந்தபின் கசடைக் கழுவ ஒரு வாளி சுடுநீர் போதும், கையை வைத்தால் சுடும் அளவு. கொதிக்கும் தண்ணீரை ஊற்றாதீர்கள். பிவிசி குழாய் சூட்டில் இளகும், இணைப்புகள் தளரும். சுடுநீருக்குப் பின் 35 விநாடி. கடைசியாக ஒரு செம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றி டிராப்பை நிரப்பினேன். இல்லையென்றால் நாற்றம் ஏறும்.

ஆசிட் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கழிப்பறை ஆசிட் டைல்ஸ் இடுக்குச் சிமெண்டை அரிக்கும், முடியை அசைக்காது. காஸ்டிக் சோடா முடியைக் கரைக்கும். ஆனால் தண்ணீரில் கொதித்துச் சூடேறும், தெறித்தால் கண்ணைப் பறிக்கும். ஆசிட்டும் பிளீச்சும் சந்தித்தால் குளோரின் வாயு கிளம்பும். இவற்றில் எதையாவது யாராவது ஏற்கெனவே ஊற்றியிருந்தால் அன்று பம்பையும் பட்டையையும் எடுக்கவே கூடாது. தெறிப்பது நம் முகத்தில்தான். அடைப்பு விலகாமல் நிற்கும் அந்தத் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று பிளம்பரை எச்சரித்துவிடுங்கள்.

இப்போது மூடிக்கு மேல் மெல்லிய கம்பி வலை வைத்திருக்கிறேன். தலை குளித்தவர் அதிலுள்ள முடியைக் காகிதத்தில் எடுத்துக் குப்பையில் போடுகிறார். மூன்று மாதம் கழித்து அதே வாளியை ஊற்றினேன்: 45 விநாடி. பட்டையை ஒரே ஒரு முறை விட்டு இழுத்தேன், கட்டைவிரல் அளவு முடி வந்தது. மறுபடி 35.