டிம்மர் மாட்யூல்: பல்புக்குச் சரி, ஃபேனுக்கு?

அம்பத்தூர், ஆவடி பக்கம் எலக்ட்ரானிக்ஸ் பழகுகிறவர்கள் மின்சார ரயிலில் சென்ட்ரல் வந்து இறங்கி ரிச்சி தெருவுக்குப் போனால், உள்ளங்கைக்குள் அடங்கும் ஏ.சி. டிம்மர் மாட்யூல் கிடைக்கும். ஒரு பக்கம் 230 வோல்ட், மறுபக்கம் மைக்ரோகன்ட்ரோலருக்கான நான்கு பின்கள். நான் வாங்கியதை 60 வாட் குண்டு பல்பிலும் சீலிங் ஃபேனிலும் ஓட்டிப் பார்த்தேன்.

கரன்ட் கொடுக்கும் முன் போர்டைத் திருப்பிப் பாருங்கள். இரண்டு பக்கங்களுக்கும் நடுவே ஒளி வழியாக மட்டுமே சேதி கடத்தும் ஆப்டோகப்ளர்கள்தான் பாலம். அவற்றின் அடியில் செப்புத் தடங்களுக்கு இடையே ஆறு மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும். என் போர்டில் அது இருந்தது. டிரையாக்கைக் கட்டுப்படுத்தும் ஆப்டோ எம்ஓசி 3021தானா என்றும் பாருங்கள். 3041 என்றால் அது மின்னழுத்தம் சுழியை ஒட்டியிருக்கும்போது மட்டுமே இயங்கும். வெளிச்சத்தைக் குறைக்க அதனால் முடியாது. டிரையாக் பிடிஏ16 ஆக இருந்தால் அதன் உலோக முதுகு காப்பிடப்பட்டது. பிடி136 என்றால் அந்த முதுகிலேயே கரன்ட் வரும், தொடக்கூடாது.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பத்து மில்லிசெகண்டுக்கு ஒருமுறை மின்னழுத்தம் சுழியைக் கடக்கிறது. அந்த நொடியிலிருந்து 5 மில்லிசெகண்ட் தாமதித்து டிரையாக்கைத் தூண்டினால் பல்புக்குப் பாதி மின்திறன் போகும். மாட்யூல் தரும் சிக்னலை ஆஸிலோஸ்கோப்பில் பார்த்தபோது அது ஏறக்குறைய 1 மில்லிசெகண்ட் அகலம் இருந்தது. உண்மையான சுழி அதன் நடுவில். சிக்னல் தொடங்கியதுமே தூண்டினால் முந்தைய அரைச்சுற்றின் வாலில் டிரையாக் திறந்து, சுழியில் மூடிக்கொள்கிறது. முழு வெளிச்சம் கேட்டால் பல்பு மங்குவதற்குக் காரணம் இதுதான். தாமதத்தோடு அரை மில்லிசெகண்ட் கூட்டியதும் சரியானது. ஆஸிலோஸ்கோப்பின் எர்த் கிளிப்பை மட்டும் 230 வோல்ட் பக்கம் மாட்டவே மாட்டாதீர்கள்.

ஃபேனில்தான் சிக்கல். மோட்டாரில் கரன்ட் மின்னழுத்தத்துக்குப் பின்தங்கி வருகிறது. வேகத்தைக் கூட்டும்போது, பழைய அரைச்சுற்றின் கரன்ட் ஓய்வதற்குள் அடுத்த தூண்டல் வந்து வீணாகிறது. ஓர் அரைச்சுற்று விட்டுப்போனால் மோட்டாருக்குள் ஒருதிசைக் கரன்ட் பாய்ந்து, ஃபேன் உறுமி, சூடேறும். நொடிப்பொழுதுத் தூண்டலுக்குப் பதிலாக, அரைச்சுற்று முடியும் முன் 9 மில்லிசெகண்ட் வரை கேட் சிக்னலை நீட்டிப் பிடித்ததும் அந்த உறுமல் நின்றது. அதையும் தாண்டி நீட்டினால் அடுத்த அரைச்சுற்றும் முழுதாகத் திறந்துவிடும்.

டிரையாக்குக்குக் குறுக்கே 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 கெபாசிட்டரும் கொண்ட ஸ்னப்பர் இந்த மாட்யூலில் இல்லை. ஃபேனுக்கு அது அவசியம் என்பதால் நானே சேர்த்தேன். அதன் வழியே, அணைத்த பிறகும் 7 மில்லிஆம்பியர் வரை கசியும். எனவே மெயின் சுவிட்சை அணைக்காமல் ஃபேன் வயரில் கை வைக்காதீர்கள்.

குண்டு பல்புக்கு இதைத் தாராளமாக வாங்கலாம். சாதாரண ஃபேனுக்கு, குறைந்த வேகத்தில் மெல்லிய இரைச்சல் மிஞ்சும். கெபாசிட்டர் ரெகுலேட்டரே அமைதியானது. பிஎல்டிசி ஃபேனில் மட்டும் இதை இணைக்க வேண்டாம்.