மூன்று பெயர், மூன்று கடன்: ஆய்வு விருப்பப் பத்தி ஒன்றை வாசித்துப் பார்ப்போம்

வெளிநாட்டில் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போது, பல பல்கலைக்கழகங்கள் ஆய்வு விருப்பத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதச் சொல்கின்றன. யாருடைய வழிகாட்டுதலில் படிக்க விரும்புகிறோம் என்று மூன்று பேராசிரியர்களின் பெயரையும் அதிலேயே குறிப்பிட வேண்டியிருக்கும். சில படிவங்களில் அதற்கென்று தனிப் பெட்டியே உண்டு. நம்ம ஆசிரியர்களும் முன்னாள் மாணவர்களும் எழுதும் இந்தப் பத்திகளை வாசித்தால், பெரும்பாலானவற்றில் ஒரே குறையைத்தான் பார்க்கலாம். பெயர்கள் சரியாக இருக்கும், நூல்களின் பெயர்களும் சரியாக இருக்கும். ஆனால், அந்த நூலுக்கும் எழுதியவரின் கேள்விக்கும் நடுவே எதுவும் இருக்காது.

இந்தக் குறை நம்ம தேர்வுக் கட்டுரைப் பழக்கத்திலிருந்து வருகிறது என்பது என் கருத்து. எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். கட்டுரையில் ஒரு கருத்தைச் சொன்னதும் வள்ளுவரையோ பாரதியாரையோ துணைக்கு அழைக்கிறோம். அந்த மேற்கோள் நம் கருத்துக்கு வலுவூட்டும், அத்தோடு அதன் வேலை முடிந்தது. ஆய்வுப் பத்தியில் வரும் பேராசிரியர் அப்படித் துணைக்கு வருபவர் அல்லர். அந்தப் பத்தியை வாசித்து ஏற்கவோ மறுக்கவோ போகிறவர் அவரே. தம் நூல் உண்மையிலேயே வாசிக்கப்பட்டதா என்பது அவருக்கு உடனே தெரிந்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். பல்கலைக்கழகம் கனடாவின் டொரோண்டோ. தமிழ் சார்ந்த ஆய்வுக்கு அங்கே அறியப்பட்டவர்களில் மூவர்: மானுடவியலில் ஃபிரான்சிஸ் கோடி, வரலாற்றில் பவானி ராமன், சமயவியலில் ஸ்ரீலதா ராமன். ஆய்வுத் தலைப்பு, 1920 முதல் 1941 வரை மலாயாத் தோட்டத் தமிழர்கள் அதிகாரிகளுக்கு அனுப்பிய மனுக்கள். விண்ணப்பத்தில் பத்தி ஆங்கிலத்தில்தான் இருக்கும். பயிற்சிக்காக நானே இட்டுக்கட்டிய ஒன்றைத் தமிழில் தருகிறேன்.

“தமிழர் எழுத்துப் பண்பாட்டில் எனக்கு ஆழ்ந்த ஆர்வம் உண்டு. ‘தி லைட் ஆஃப் நாலெட்ஜ்’ நூலை எழுதிய பேராசிரியர் ஃபிரான்சிஸ் கோடி, ‘டாக்குமென்ட் ராஜ்’ நூலை எழுதிய பேராசிரியர் பவானி ராமன், இராமலிங்க சுவாமிகளைப் பற்றி எழுதிய பேராசிரியர் ஸ்ரீலதா ராமன் ஆகியோரின் பணி என்னை மிகவும் கவர்ந்தது. இவர்களின் கீழ் பயில்வது என் ஆய்வுக்குப் பெரும் துணையாக அமையும்.”

பிழை என்று சொல்ல இதில் ஒன்றுமில்லை. ஆனால் ஒரு சோதனை செய்து பாருங்கள். கோடியின் பெயரையும் நூலையும் பவானி ராமன் இருக்கும் இடத்துக்கு மாற்றி வையுங்கள். பத்தி அசையவில்லை, பார்த்தீர்களா? பொருளும் கொஞ்சம்கூட மாறவில்லை. பெயர்களை இடம் மாற்றினாலும் பத்தி அப்படியே நிற்கிறதென்றால், தொடர்பு இன்னும் எழுதப்படவில்லை என்று அர்த்தம். மனு என்ற சொல்கூடப் பத்தியில் இல்லை. தலைப்பை மறைத்துக்கொண்டே ஆர்வத்தைச் சொல்லியிருக்கிறார்.

இனி அந்த நூல்களுக்குள் போவோம். பவானி ராமனின் ‘டாக்குமென்ட் ராஜ்’ 2012-இல் சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பாக வந்தது. கம்பெனி ஆட்சிக்கால மதராஸ் மாகாணத்தில் கச்சேரி என்ற அலுவலகம் எப்படி இயங்கியது, கணக்கர்களும் எழுத்தர்களும் அங்கே என்ன செய்தார்கள் என்று நூல் பேசுகிறது. எல்லாவற்றையும் தாளில் எழுதிவிட்டால் நிர்வாகம் நேர்மையாகிவிடும் என்று கம்பெனி நம்பியது. எழுத்து யாருடைய கையில் இருந்ததோ அவருக்கே அதிகாரமும் போய்ச் சேர்ந்தது. எது அசல், எது போலி, எது சாட்சி என்ற சண்டைகள் பெருகின. நம்ம தலைப்புக்கு இது நேராகவே உதவுகிறது. தோட்டத்து மனுவை எழுதியது தொழிலாளியா, கிராணியா, நகரத்தில் கூலிக்கு எழுதிக் கொடுத்தவரா என்ற கேள்வி அங்கிருந்துதான் பிறக்கிறது.

ஃபிரான்சிஸ் கோடியின் ‘தி லைட் ஆஃப் நாலெட்ஜ்’ 2013-இல் கார்னெல் பல்கலைக்கழகப் பதிப்பாக வந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் கிராமப் பெண்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்ததைப் பற்றிய நூல் அது. ஆனால் நம்ம தலைப்புக்கு அதைவிட நெருக்கமாக இருப்பது 2009-இல் ‘கல்ச்சுரல் ஆந்த்ரோபாலஜி’ இதழில் அவர் எழுதிய கட்டுரை. அது மனுவையும் கையெழுத்தையும் பற்றியே பேசுகிறது. தன் பெயரைத் தானே எழுதி மனுக் கொடுப்பது ஒரு கிராமப் பெண்ணை அரசின் முன் எப்படி நிறுத்துகிறது என்று ஆராய்கிறது. நூலின் பெயரோடு நின்றுவிட்டவருக்கு இந்தக் கட்டுரை கண்ணில் பட்டிருக்காது. புகழ்பெற்ற நூலைவிடத் தலைப்புக்குப் பொருந்தும் ஒரு கட்டுரையே பத்தியில் அதிகம் வேலை செய்யும்.

இன்னொன்றையும் கவனிக்கணும். கோடியின் அடுத்த நூல் ‘தி நியூஸ் ஈவென்ட்’ 2023-இல் வந்தது. அது செய்தி ஊடகத்தையும் மக்கள் அரசியலையும் பற்றியது. அதாவது, அவருடைய கவனம் எழுத்தறிவிலிருந்து நகர்ந்திருக்கிறது. பழைய நூலை மட்டும் சொன்னால், அவர் இப்போது என்ன செய்கிறார் என்று பார்க்கவே இல்லை என்று தோன்றும். அதற்காகப் பழையதை விட்டுவிட வேண்டியதில்லை, அதிலிருந்து இன்றைய வேலைக்கு ஒரு வாக்கியத்தில் பாலம் போட்டால் போதும்.

மூன்றாவது பெயரில்தான் சிக்கல். ஸ்ரீலதா ராமனின் 2022 நூல் இராமலிங்க சுவாமிகளைப் பற்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரு துறவி, பிற்காலத்தில் நவீனத் தமிழ் உலகின் ஞானியாக எப்படி உருமாறினார் என்பதை அது ஆராய்கிறது. தோட்டத்து மனுவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? வள்ளலார் ‘விண்ணப்பம்’ என்ற பெயரிலேயே உரைநடைகள் எழுதியிருக்கிறார் என்பது நமக்கு நினைவு வரும். உடனே, “மனு மரபை ஆராய்ந்த பேராசிரியர்” என்று எழுதத் தோன்றும். அப்படி எழுதக் கூடாது. சொல் ஒன்றாக இருப்பதால் ஆய்வும் ஒன்றாகிவிடாது. தம் நூல் சொல்லாத ஒன்றைச் சொன்னதாக எழுதியிருப்பதைப் பார்க்கும் பேராசிரியருக்கு, மற்ற இரண்டு பெயர்கள் மேலும் சந்தேகம் வரும். அந்தத் தொடர்பு உண்மையிலேயே நமக்கு வேண்டுமென்றால், அதை நம்முடைய கேள்வியாக வைக்கலாம். ஆண்டவனிடம் முறையிடும் மொழி அதிகாரியிடம் முறையிடும் மொழிக்குள் எந்த அளவுக்கு வந்தது என்று கேட்கலாம். அதற்குச் சமயமொழி அறிந்த ஒருவர் ஆய்வுக் குழுவில் தேவை என்று சொல்லலாம். அது நேர்மையான மூன்றாம் இடம். அப்படி ஒரு கேள்வி உங்கள் ஆய்வில் இல்லையென்றால், இரண்டு பெயரோடு நிறுத்துங்கள். பெட்டி மூன்றையும் கட்டாயம் கேட்டால், பத்தியில் இரண்டு பேரை விளக்கிவிட்டு மூன்றாவதைப் பெட்டியில் மட்டும் போடுங்கள்.

பெயர்களின் வரிசைக்கும் பொருள் உண்டு. மேலே சொன்ன மூவரும் மூன்று துறைகளைச் சேர்ந்தவர்கள். விண்ணப்பமோ ஒரு துறைக்குத்தான் போகும். மானுடவியலுக்கு விண்ணப்பித்துவிட்டு பவானி ராமனை முதலில் எழுதினால், தேர்வுக் குழு “இவர் வரலாற்றுக்கு அல்லவா போக வேண்டும்?” என்று கேட்கும். விண்ணப்பிக்கும் துறையில் மேற்பார்வை செய்யக்கூடியவர் முதலில் வரணும். மற்றவர்கள் ஆய்வுக் குழுவில் எதற்காக வேண்டும் என்று சொல்லணும். துறையை முடிவு செய்வது பெயரல்ல, ஆதாரம். ஆவணக் காப்பகத்துக் கோப்புகளை மட்டும் நம்பிய ஆய்வென்றால் வரலாறு. தோட்டத்து முதியவர்களிடம் மனு எழுதிய நினைவுகளைக் கேட்கப் போகிறோமென்றால் மானுடவியல்.

இப்போது, வரலாற்றுத் துறைக்குப் போகும் அதே பத்தியைத் திருத்தி எழுதுகிறேன்.

“1920–1941 காலத்து மலாயாத் தோட்டத் தமிழர்களின் மனுக்களை யார் எழுதினார்கள், யாருடைய குரலில் எழுதினார்கள் என்பது என் கேள்வி. பவானி ராமனின் ‘டாக்குமென்ட் ராஜ்’ கச்சேரியில் எழுத்தரின் கை எப்படி அதிகாரமானது என்று காட்டுகிறது. அந்தக் கச்சேரி கடல் கடந்தபின், எழுத்தரின் இடத்தில் தோட்டக் கிராணி நின்றபோது என்ன மாறியது என்று நான் தொடர விரும்புகிறேன். ஃபிரான்சிஸ் கோடியின் 2009 கட்டுரையில், கையெழுத்து ஒருவரைக் குடிமகளாக்கும் செயலாகிறது. குடியுரிமையே இல்லாத தொழிலாளி பெருவிரல் ரேகை வைத்த மனுவில் அந்தச் செயல் என்னவாகிறது என்பது என் இரண்டாம் கேள்வி. ஒரு குறை பலரறியும் செய்தியாவது எப்போது என்பதற்கு அவருடைய 2023 நூலும் உதவும். மனுக்களில் வரும் பக்தி மொழியைப் படிக்க, ஸ்ரீலதா ராமனின் சமயமொழி ஆய்வின் துணையை நாடுவேன்.”

இதில் பெயர்களை இடம் மாற்றிப் பாருங்கள், பத்தி உடைந்துவிடும். ஒவ்வொரு பெயரோடும் இரண்டு விஷயங்கள் சேர்ந்து வருகின்றன: அவருடைய எழுத்திலிருந்து நான் வாங்கிய கடன், அவர் நிறுத்திய இடத்தில் தொடங்கும் என் கேள்வி. ‘கவர்ந்தது’, ‘ஆழ்ந்த ஆர்வம்’ எதுவுமே இல்லை. மூன்றாவது பெயருக்கு ஒரே வாக்கியம்தான், ஏனென்றால் தொடர்பின் கனம் அவ்வளவுதான்.

கடைசியாக, நல்ல பத்தியையும் கெடுக்கும் ஒரு தவறு. பெயர் சரி, நூல் சரி, ஆனால் ஆள் அங்கே இல்லை. மலேசியத் தமிழர் ஆய்வுக்கு மிகப் பொருத்தமான ஆண்ட்ரூ வில்ஃபோர்டின் 2014 தோட்ட நூலை மேற்கோள் காட்டலாம், ஆனால் அவர் கார்னெலில் பணியாற்றியவர், டொரோண்டோ பெட்டியில் அவர் பெயர் வரக்கூடாது. வங்காள விரிகுடாவைக் கடந்த தமிழர்களைப் பற்றி 2013-இல் நூல் எழுதிய சுனில் அம்ரித் லண்டன், ஹார்வர்டு, யேல் என்று இடம் மாறியிருக்கிறார். தமிழ் மேடைப்பேச்சை ஆராய்ந்த பெர்னார்டு பேட் 2016-இல் மறைந்தார், அவருடைய அடுத்த நூல் 2021-இல் நண்பர்களின் முயற்சியால் வந்தது. நூலின் ஆண்டை மட்டும் பார்த்தவர் மறைந்த ஒருவரை மேற்பார்வையாளராகக் கேட்டுவிடுவார். ஆகவே, நூலின் அட்டையில் இருக்கும் பல்கலைக்கழகத்தை நம்பாதீர்கள். துறையின் பக்கத்தில் பெயர் இந்த ஆண்டும் இருக்கிறதா, ஓய்வு பெற்றவர் என்று போட்டிருக்கிறதா, புதிய மாணவர்களை ஏற்கிறாரா என்று மூன்று பெயர்களுக்கும் தனித்தனியாகப் பார்த்துவிட்டு, அதன்பிறகு பத்தியைத் தொடங்குங்கள்.