பத்து வினைமுற்று, ஒரே முற்றுப்புள்ளி

போன பருவத்தில் என் பழைய மாணவி ஒருவர் தன் கட்டுரையோடு வந்தார். இப்போது பல்கலைக்கழகத்தில் முதலாண்டு. ஓரத்தில் ஏழெட்டு இடங்களில் சிவப்பு வட்டம், பக்கத்தில் "வாக்கியம் முடியவில்லை" என்ற குறிப்பு. "டீச்சர், இது எங்க முடியலன்னு எனக்குத் தெரியல" என்றார். அவர் எழுதிய பத்தியை முதலில் அப்படியே படியுங்கள்.

"தீபாவளிக்கு முந்தின ஞாயிறு அம்மாவோடு தேக்காவுக்குப் போனேன், சிராங்கூன் சாலையில் கால் வைக்க இடமில்லை, அம்மா மல்லிகைப்பூக் கடையில் நின்றார், நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், பூக்காரர் முழம் அளந்தார், அம்மா பேரம் பேசவில்லை, எனக்கு ஆச்சரியமாக இருந்தது ஏனென்றால் அம்மா எப்போதும் பேரம் பேசுவார் பிறகு வீட்டுக்கு வந்ததும் கேட்டேன் பாட்டி உயிரோடு இருந்தபோது அந்தக் கடையில்தான் பூ வாங்குவாராம்."

எண்ணிப் பாருங்கள். போனேன் என்பதில் தொடங்கி வாங்குவாராம் வரை பத்து முற்றுகள் இருக்கின்றன. 'இடமில்லை', 'பேசவில்லை' இரண்டும் முற்றுகள்தாம். மாணவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இவற்றைத்தான். பத்து முற்றுக்கும் ஒரே முற்றுப்புள்ளி. ஆறு இடத்தில் காற்புள்ளி முற்றுப்புள்ளியின் வேலையைச் செய்கிறது. 'பேசுவார் பிறகு', 'கேட்டேன் பாட்டி' என்ற இரண்டு இடங்களில் எந்தக் குறியும் இல்லை. ஒரு வாக்கியம் அடுத்ததன் மேல் ஏறி ஓடுகிறது.

இதே மாணவி ஆங்கிலக் கட்டுரையில் இந்தத் தவற்றைச் செய்வதில்லை. தமிழில் ஏன் செய்கிறார்? தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது. '-ஏன்', '-ஆர்' என்ற விகுதி காதில் விழுந்ததுமே வாக்கியம் முடிந்துவிட்டது என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. ஓலைச்சுவடிகளில் இன்றைய நிறுத்தக்குறிகள் இல்லை. அவை அச்சோடு வந்து பழகியவை. அதனால், காது முடித்துவிட்ட இடத்தில் கையும் ஒரு குறி வைக்க வேண்டும் என்பது மாணவருக்கு உறைப்பதில்லை.

நான் முதலில் செய்த திருத்தத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். நம்மில் பலரைப் போல நானும் முற்றுகளை எச்சமாக்கிவிட்டேன்.

"தீபாவளிக்கு முந்தைய ஞாயிறன்று அம்மாவுடன் தேக்கா சென்றிருந்தபோது, சிராங்கூன் சாலை நெரிசல் மிகுந்து காணப்பட, மல்லிகைப்பூக் கடையில் பூக்காரர் முழம் அளந்து கொடுத்ததை அம்மா பேரம் பேசாமல் வாங்கியது எனக்கு வியப்பளித்தது."

மாணவி படித்துவிட்டுச் சொன்னார்: "தப்பு இல்ல டீச்சர். ஆனா இது நான் எழுதின மாதிரி இல்ல." அவர் சொன்னது சரி. இந்தப் பத்தியின் உயிர் 'அம்மா பேரம் பேசவில்லை' என்ற மூன்று சொல். அதை 'பேசாமல்' என்று எச்சமாக்கியதும், முக்கியமான செய்தி வழியில் கடந்துபோகும் தகவலாகிவிட்டது. 'கால் வைக்க இடமில்லை' என்பதை 'நெரிசல் மிகுந்து காணப்பட' என்று மாற்றியதற்கு இலக்கணக் காரணமே கிடையாது. வாக்கியப் பிழையைத் திருத்தப் போய்ச் சொல்லையும் திருத்திவிட்டேன். இவை வேறு வேறு வேலைகள்.

இரண்டாம் முறை அவரையே உட்கார வைத்துச் செய்தோம். முதலில் அவர் பென்சிலால் எல்லா முற்றுகளையும் வட்டமிட்டார். பிறகு பத்தியை வாய்விட்டுப் படித்தார். குரல் எங்கே இறங்குகிறது, எங்கே இறங்காமல் அடுத்ததைத் தொடுகிறது என்று ஒவ்வொரு வட்டத்திலும் குறித்தேன். 'போனேன்', 'இடமில்லை' இரண்டிலும் குரல் இறங்கியது; அங்கே முற்றுப்புள்ளி. கடையில் நடக்கும் மூன்று செயல்களில் குரல் இறங்கவில்லை. ஒரே காட்சி, ஏறக்குறைய ஒரே நேரம். அங்கே அரைப்புள்ளி போதும். தொடர்புடைய முடிந்த வாக்கியங்களை அடுக்குவதற்குத்தான் அந்தக் குறி இருக்கிறது. நம் மாணவர்கள் அதைத் தொடுவதே இல்லை. 'ஏனென்றால்' என்பது இணைப்புச்சொல். அதற்கு முன் காற்புள்ளி முறையானதே.

"தீபாவளிக்கு முந்தின ஞாயிறு அம்மாவோடு தேக்காவுக்குப் போனேன். சிராங்கூன் சாலையில் கால் வைக்க இடமில்லை. அம்மா மல்லிகைப்பூக் கடையில் நின்றார்; நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்; பூக்காரர் முழம் அளந்தார். அம்மா பேரம் பேசவில்லை. எனக்கு ஆச்சரியமாக இருந்தது, ஏனென்றால் அம்மா எப்போதும் பேரம் பேசுவார். வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். பாட்டி உயிரோடு இருந்தபோது அந்தக் கடையில்தான் பூ வாங்குவாராம்."

நீக்கியது ஒரே ஒரு சொல்: 'பிறகு'. 'வந்ததும்' என்பதே அந்தப் பொருளைத் தந்துவிடுகிறது. மற்றதெல்லாம் அவர் சொற்கள், அவர் வரிசை. 'வாங்குவாராம்' என்பதில் உள்ள '-ஆம்' பேச்சுவழக்கு என்று சிலர் வெட்டிவிடுவார்கள். வெட்டாதீர்கள். இது அம்மா சொல்லிக் கேட்டது, தான் கண்டதல்ல என்பதை அந்த '-ஆம்'தான் காட்டுகிறது.

எச்சமாக்குவதே தவறு என்று நான் சொல்லவில்லை. ஒருவரே அடுத்தடுத்துச் செய்யும் சிறு செயல்களுக்கு அதுவே இயல்பு. ஆனால் அதில் ஒரு கண்ணி உண்டு. 'செய்து' என்னும் வாய்பாட்டு எச்சம் தன் முற்றின் எழுவாயையே கொள்ளும். "அம்மா கடையில் நின்று நான் பையைப் பிடித்தேன்" என்று எழுதினால் நிற்பவர் யார், பிடிப்பவர் யார் என்று குழம்பும். எழுவாய் மாறினால் 'செய' எச்சம் வேண்டும்: "அம்மா கடையில் நிற்க, நான் பையைப் பிடித்துக்கொண்டேன்." காற்புள்ளிப் பிழையைத் திருத்தும் மாணவர் விடைத்தாளில் அடுத்து முளைக்கும் பிழை இதுதான். 'நின்று', 'வாங்கி', 'எடுத்து' என்று எச்சம் வரும் ஒவ்வொரு இடத்திலும் "யார்?" என்று கேட்கச் சொல்லுங்கள். வாக்கியக் கடைசியிலும் அதே ஆள் இருந்தால் சரி.

மாணவி ஒரு நல்ல கேள்வியும் கேட்டார். "செய்யுள்ல 'கண்டனன் மகிழ்ந்தான்'னு ரெண்டு முற்று சேர்ந்து வருதே, அது மட்டும் எப்படி சரி?" அது முற்றெச்சம். 'கண்டனன்' வடிவில் முற்று. பொருளில் 'கண்டு' என்ற எச்சம். இரண்டுக்கும் எழுவாய் ஒன்றே. இவர் பத்தியிலோ நான், அம்மா, பூக்காரர் என்று ஆள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். இன்றைய உரைநடையில் அந்தச் சலுகையும் இல்லை.

"வந்தார், பார்த்தார், போய்விட்டார்" என்பதைப் பிழை என்று வட்டமிடலாமா? ஒரே எழுவாய், குறுகிய முற்றுகள், எழுதியவர் வேண்டுமென்றே வைத்த வேகம். பயிற்சிக் கட்டுரையில் நான் விட்டுவிடுவேன். தேர்வு எழுதுகிறவர் என்றால், அங்கே அரைப்புள்ளி போட்டுக்கொள்ளச் சொல்வேன். வேகமும் குறையாது, மதிப்பெண்ணும் போகாது.

அடுத்த கட்டுக் கட்டுரைகளைத் திருத்தும்போது ஒரே ஒரு பத்தியில் இதைச் செய்து பாருங்கள். குறிகளை மட்டும் மாற்றுங்கள். சொற்களை மாணவரிடமே விடுங்கள். அதற்குப் பிறகும் ஒரு சொல்லை மாற்றத் தோன்றினால், ஓரத்தில் காரணத்தை எழுதுங்கள். என் முதல் திருத்தத்துக்கு அப்படி எழுத உட்கார்ந்தபோது, பாதிக்கு மேல் எனக்கே காரணம் கிடைக்கவில்லை.