உதடு சேரும் இடம்

கூகுளின் வியோ 3 மாடல் 2025 மே மாதம் வந்தபோது, ஒரு பிராம்ப்டை எழுதினால் படமும் பேச்சும் ஒன்றாகவே பிறக்கும் என்ற நிலை வந்தது. ஓர் ஆள், ஒரு சிறு வசனம், எட்டு விநாடிக்குள் ஒரு ஷாட். அதில் வாயசைவு பேச்சோடு பொருந்தினால் மனசு தானாகவே அந்த ஆளை நம்பிவிடுகிறது. பொருந்தாவிட்டால் முகம் எத்தனை அழகாக இருந்தாலும் நம்பிக்கை போய்விடுகிறது. இந்தப் பொருத்தத்துக்காகப் பலரும் பிராம்ப்டில் உதட்டை வர்ணிக்கிறார்கள்: உதடு துல்லியமாக அசையட்டும், பேச்சோடு கச்சிதமாகச் சேரட்டும் என்று வரிவரியாக. அந்த வரிகளால் பெரிய பலன் இல்லை. பல நேரம் வாய் தேவைக்கு மேல் விரிந்து சுருங்கும் மிகைநடிப்புதான் கிடைக்கிறது. உதட்டை நல்லபடி அசைய வைப்பது வசனமே என்பது என் வாதம். எந்த எழுத்துகள், எந்த வரிசையில், எத்தனை விநாடிக்குள் என்று தேர்ந்து எழுதுவதில்தான் இந்தக் கலை இருக்கிறது.

பார்ப்பவர் கண் எல்லா எழுத்தையும் உதட்டில் தேடுவதில்லை. தொல்காப்பியத்தின் பிறப்பியல், பகரமும் மகரமும் இரண்டு உதடும் சேர்வதால் பிறக்கின்றன என்றும், வகரம் மேற்பல்லும் உதடும் சேர்வதால் பிறக்கிறது என்றும், உகர ஒகரங்கள் உதடு குவிவதால் பிறக்கின்றன என்றும் பிரித்து வைத்திருக்கிறது. லிப் சிங்க்கை ரசிக்க இதைவிட நல்ல வரைபடம் கிடையாது. ககரம், ணகரம், ளகரம், ழகரம் எல்லாம் வாய்க்குள்ளே நாக்கு செய்யும் வேலை. வெளியே ஏறக்குறைய ஒரே மாதிரி தெரியும். உதடு மூடுவதும் பல் உதட்டில் படுவதும் குவிவதும் மட்டுமே வெளியே காணும் மைல்கற்கள். அவற்றில் மூடல்தான் தலையாயது. மூட வேண்டிய இடத்தில் வாய் திறந்திருந்தால் எவருக்கும் உறுத்தும். அது ஏன் என்று அவருக்குச் சொல்லத் தெரியாமல் இருக்கலாம், ஆனால் உறுத்தும்.

உறுத்தலோடு அது நின்றுவிடுவதும் இல்லை. ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்ட் இருவரும் 1976-இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு, கண் காதை ஏமாற்றும் என்று காட்டியது. ஒலி உதட்டெழுத்தாக இருந்து, திரையில் உள்ள வாய் ககரத்தைச் சொன்னால், கேட்பவர்களில் பலருக்கு இரண்டுக்கும் இடையிலுள்ள தகரம் போன்ற ஒலியே கேட்டது. அந்தப் போக்கில் பார்த்தால், ஒலி ‘படம்’ என்று சொல்லி, வாய் ‘கடம்’ என்று அசைந்தால் காதில் ‘தடம்’ விழ வாய்ப்புண்டு. முழு வாக்கியத்துக்குள் பொருள் நம்மை ஓரளவு காப்பாற்றும் என்பது உண்மைதான். ஆனால் தனிச் சொல்லாக, பெயராக, ஒற்றை வரி வசனமாக வரும்போது அந்தக் காவல் குறைவு. தவறிய உதடு வசனத்தையே மாற்றிவிடக்கூடும்.

சரி, மூடல்கள் முக்கியம் என்றால் எல்லா மூடலும் ஒரே தரமா? இங்கேதான் மாடலின் உள்வேலை நமக்கு உதவுகிறது. கட்டமைப்பு வெளிப்படையாகச் சொல்லப்பட்ட வீடியோ மாடல்களில், எடுத்துக்காட்டாக வான் 2.1-இல், படத்தை அப்படியே கையாளாமல் சுருக்கிக் கையாளுகிறார்கள்: நீள அகலத்தில் எட்டில் ஒன்றாக, நேரத்தில் நான்கு ஃபிரேமுக்கு ஒன்றாக. விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடும் ஷாட்டில் ஒரு ஃபிரேம் என்பது சுமார் 42 மில்லிவிநாடி. ‘கபம்’ என்னும்போது நடுவில் வரும் ஒற்றைப் பகரம் ஒன்றிரண்டு ஃபிரேமுக்குள் முடிந்துவிடும். அத்தனை குறுகிய மூடல் அந்தச் சுருக்கலில் மங்கி, உதடு பாதி நெருங்கிப் பிரிவதாக வந்து நிற்பதில் வியப்பில்லை. ‘அப்பா’வில் வரும் இரட்டைப் பகரமோ மூன்று நான்கு ஃபிரேம் நீடிக்கிறது. அதை விழுங்குவது மாடலுக்கு அவ்வளவு எளிதில்லை. தமிழில் எழுதுபவருக்கு இது பெரிய வரம். ப்ப, ம்ம, ம்ப என்ற மூன்று கூட்டும் நம் பேச்சில் நிறைந்து கிடக்கின்றன. அம்மா, அப்பா, தம்பி என்று வீட்டில் முதலில் கூப்பிடும் பெயர்களே உதடு இறுகச் சேரும் சொற்கள்.

ஒரு வசனத்தை எடுத்துப் பார்ப்போம். சமையலறையில் நிற்கும் ஓர் அம்மா மகனிடம் சொல்கிறாள்: “தம்பி, அப்பா வந்துட்டாரு. கதவத் தொற.” முதல் சொல்லில் ம்ப, இரண்டாவதில் ப்ப, மூன்றாவதில் பல் உதட்டில் படும் வகரம், நான்காவதில் மீண்டும் ஒரு வகரம், கடைசியில் உதடு குவியும் ‘தொ’. எழுத்து நடையில் ‘திற’ என்று எழுதியிருந்தால் உதட்டில் ஒன்றுமே நடக்காது. பேசுகிறபடி ‘தொற’ என்று எழுதினால் ஒரு குவிவு கிடைக்கிறது. அதனால் வாய் எதைச் சொல்ல வேண்டுமோ அதை அப்படியே எழுத வேண்டும். செந்தமிழில் எழுதிவிட்டுப் பேச்சுத்தமிழாக வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அடுத்து நேரம். வசனத்தில் 13 அசைகள். இயல்பான பேச்சில் விநாடிக்கு ஐந்து என்று வைத்து, நடுவில் சின்ன நிறுத்தத்தையும் சேர்த்தால் சுமார் மூன்று விநாடி. இதை எட்டு விநாடி ஷாட்டில் போட்டுவிட்டு மீதியைச் சொல்லாமல் விட்டால், மிச்ச நேரத்தை மாடல் தானே நிரப்பும்: வசனம் இழுபடும், அல்லது நாம் எழுதாத முணுமுணுப்பு ஒன்று ஒட்டிக்கொள்ளும். ஆறு விநாடி எடுத்து, முன்னும் பின்னும் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவது நல்லது.

```
Medium close-up, static camera, eye level. A woman in her
fifties, alone in a kitchen, facing the camera, hands below
frame. She looks up, takes a breath, then says in a low,
unhurried voice: தம்பி, அப்பா வந்துட்டாரு. கதவத் தொற.
She closes her mouth and waits. No music. No subtitles.
```

உதடு என்ற சொல்லே இதில் இல்லை. ஆனால் ஒவ்வொரு வரியும் உதட்டுக்காகவே இருக்கிறது. 720 புள்ளி உயரமுள்ள படத்தில் ஆள் முழுதாகத் தெரிந்தால் முகத்துக்கு 90 புள்ளி மிஞ்சினால் அதிகம். திறந்த வாய்க்குப் பத்துப் புள்ளிகூட வராது, எட்டில் ஒன்றாகச் சுருக்கிய பிறகு அது ஒரே ஒரு கட்டம். மார்பளவு ஷாட்டில் முகம் பாதித் திரையைப் பிடிக்கும்போது அதே வாய்க்கு நான்கு மடங்கு இடம் கிடைக்கிறது. தனியாக இருக்கிறாள் என்பது குரல் வேறொரு முகத்துக்குப் போய்விடாமல் இருக்க. கை கீழே இருப்பது டம்ளரோ முந்தானையோ வாயை மறைக்காமல் இருக்க. வசனத்தை மேற்கோள் குறிக்குள் போடாமல் முக்காற்புள்ளிக்குப் பிறகு எழுதுவது, எழுத்து திரையில் அச்சாகி வருவதைக் குறைக்கும் என்பதால் பலரும் கைக்கொள்ளும் வழக்கம். மூச்சு எடுப்பதைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். மனிதர் பேசும்போது வாய் ஒலிக்கு முன்பே தயாராகிறது. ‘பா’ கேட்பதற்கு முன்பே உதடு மூடியிருக்க வேண்டும். மூடாமல் எப்படிப் பிறக்கும்? மூச்சை எழுதினால் அந்தத் தயாரிப்புக்கு இடம் கிடைக்கிறது, பேச்சு முகத்திலிருந்தே எழுவது போல வருகிறது.

இதற்கு மறுப்புகள் உண்டு. படமும் ஒலியும் ஒன்றாகப் பிறக்கும்போது பொருத்தம் தானாக வந்துவிடாதா என்று கேட்கலாம். நேரப் பொருத்தம் பெரும்பாலும் வந்துவிடுகிறது. ஒலி 45 மில்லிவிநாடி முந்தினாலோ 125 மில்லிவிநாடி பிந்தினாலோ பார்ப்பவர் கண்டுகொள்ளத் தொடங்குவார் என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அதாவது ஒரு ஃபிரேம் முந்துவதே எல்லை, பிந்தினால் மூன்று ஃபிரேம். அந்த எல்லைக்குள் நின்றுகொண்டே வாய் தவறான வடிவம் எடுக்க முடியும். நேரம் சரி, வடிவம் தவறு என்பதே இன்றைய மாடல்களின் வழக்கமான குறை.

இன்னொரு மறுப்பு கனமானது. உதட்டெழுத்தே இல்லாத வசனத்தை எழுதிவிட்டால் தப்பே தெரியாதே? “ராத்திரி நீ எங்க தங்கினே?” என்ற வரியில் உதடு ஒருமுறைகூட மூடுவதில்லை, குவிவதில்லை. மாடல் எப்படி அசைத்தாலும் ஏறக்குறையப் பொருந்தும். அவசரத்துக்கு இது உதவும், மறுக்கவில்லை. ஆனால் அதில் ரசிக்க ஒன்றும் இல்லை. வாய் சும்மா அசைகிறது, அவ்வளவுதான். பேச்சு உண்மை என்று நம்ப வைப்பது ‘அப்பா’வில் இறுகி விடுபடும் அந்த உதடுதான். அதைத் தவிர்த்தால் தப்பும் போகிறது, உயிரும் போகிறது. அதே சமயம் வசனம் முழுக்க உதட்டெழுத்தாக அடுக்கினாலும் கெட்டுவிடும். மூன்று விநாடிக்கு இரண்டு உறுதியான மூடல், ஒரு குவிவு என்பது எனக்குப் போதுமான அளவாகத் தோன்றுகிறது.

உதட்டுக்காகச் சொல்லை மாற்றினால் எழுத்து அடிமைப்படாதா என்பார்கள். டப்பிங் வசனம் எழுதுபவர்கள் காலங்காலமாகச் செய்துவரும் வேலை இது. தெலுங்கு நடிகரின் வாய் மூடும் இடத்தில் தமிழில் ஒரு பகரமோ மகரமோ வரும்படி வாக்கியத்தைத் திருப்பிப் போடுவார்கள். திறமையானவர் கையில் அந்தக் கட்டுப்பாடே வெளியில் தெரியாது. நமக்கு அவர்களைவிடச் சுதந்திரம் அதிகம், ஏனெனில் முகம் இன்னும் பிறக்கவில்லை. பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்ற யோசனையும் உண்டு. ஹைதராபாத் ஐஐஐடி ஆய்வாளர்கள் 2020-இல் தந்த வேவ்டுலிப் போன்ற கருவிகள், இருக்கிற முகத்தின் கீழ்ப்பாதியை ஒலிக்கேற்ப மறுபடி வரைகின்றன. நல்ல கருவிதான். ஆனால் அது முகத்தை 96 புள்ளிச் சதுரமாகக் கையாள்கிறது, நெருக்கமான ஷாட்டில் வாயைச் சுற்றி மங்கல் தெரியும். கண்ணும் புருவமும் பழைய பேச்சுக்கே அசைந்துகொண்டிருக்கும்.

வந்த ஷாட்டை எப்படிச் சோதிப்பது? முதலில் ஒலியை நிறுத்திவிட்டு ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்த வேண்டும். ‘தம்பி’யில் ஒன்று, ‘அப்பா’வில் ஒன்று என இரண்டு முழு மூடல் தெரிய வேண்டும், உதடுகளுக்கு நடுவே பல்லின் வெளிச்சக் கீற்று ஒரு ஃபிரேமில்கூட இருக்கக் கூடாது. பிறகு ஒலி அலையைத் திறந்தால் ‘அப்பா’வின் நடுவில் ஒரு சிறு மௌனம் தட்டையாகத் தெரியும், மூடிய ஃபிரேம்கள் அதன் மேல் உட்கார வேண்டும். கடைசியாக ‘வந்துட்டாரு’ முடியும் இடம். அங்கே வரும் உகரம் குற்றியலுகரம் போலவே உதட்டைக் குவிக்காமல் ஒலிப்பது. அதில் உதடு நன்றாகக் குவிந்தால் ஒலி தமிழாக இருந்தாலும் வாய் தமிழ் பேசவில்லை. தமிழில் மாடல்களின் கை இன்னும் ஆங்கிலத்தில் போல நிலையாக இல்லாததால் இந்தக் குறை அடிக்கடி தலைகாட்டும். அப்படி வந்தால் பிராம்ப்டின் வர்ணனையைத் தொடாமல் சொல்லை மாற்றிப் பார்க்க வேண்டும்: “தம்பி, அப்பா வந்தாச்சு பாரு. கதவத் தொற.” ‘பாரு’வின் பகரம் அங்கே உதட்டை மூடித் திறக்க வைக்கிறது, ஆகாரம் வாயை அகட்டுகிறது, அதற்குப் பின் வரும் உகரத்தில் உதடு குவிந்தாலும், கண் அதற்குள் அந்தத் திறப்பைப் பார்த்து முடித்திருக்கும்.